புகைப்படமாக வந்த மண்வள அட்டை: எண்களைப் பிழையின்றி அட்டவணையாக்குவது எப்படி?

மண் பரிசோதனை அறிக்கையை அந்த வயலில் உழைக்கும் விவசாயி மட்டுமே படிப்பதில்லை. அட்டை கிராமத்து வீட்டில் இருக்கிறது. அதன் புகைப்படம் வெளியூரில் வேலை பார்க்கும் மகனுக்கோ, உரக்கடைக்காரருக்கோ, வேளாண் அலுவலருக்கோ கைப்பேசி வழியாகச் செல்கிறது. படத்தைப் பார்த்து ஒருவர் எண்களைச் சொல்ல, மற்றொருவர் அதன்படி உரம் வாங்குகிறார். இந்தக் கைமாற்றத்தில் ஒரு புள்ளி மறைந்தாலும், ஒரு வரி இடம் மாறினாலும் தேவையற்ற உரத்துக்குப் பணம் செலவாகும். உண்மையான குறை நிலத்திலேயே தங்கிவிடும்.

இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. படத்தில் உள்ளதை நான்கு பத்திகள் கொண்ட ஓர் அட்டவணையாக முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். சத்தின் பெயர், அளந்த மதிப்பு, அதற்கு அளிக்கப்பட்ட மதிப்பீடு, அதற்கென அச்சிடப்பட்ட ஆலோசனை ஆகியவையே அந்த நான்கு பத்திகள். இவற்றில் மூன்றாவது பத்தி பலரும் கவனிக்காமல் விடும் ஒன்று. ஆனால் கலங்கிய படத்தில் எண் சரிதானா என்று காட்டிக்கொடுப்பது அந்தப் பத்திதான்.

அட்டையில் என்ன இருக்கிறது?

மத்திய அரசின் மண்வள அட்டைத் திட்டம் 2015-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி ராஜஸ்தான் மாநிலம் சூரத்கரில் தொடங்கிவைக்கப்பட்டது. இத்திட்டத்தின் கீழ் வழங்கப்படும் அட்டையில் 12 அளவீடுகள் இடம்பெறுகின்றன. மண்ணின் கார அமில நிலை, மின்கடத்தும் திறன், அங்ககக் கரிமம் ஆகிய மூன்றும் மண்ணின் பொதுத் தன்மையைக் காட்டுபவை. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவை பேரூட்டங்கள். அவற்றுடன் கந்தகமும், துத்தநாகம், போரான், இரும்பு, மாங்கனீசு, தாமிரம் ஆகிய ஐந்து நுண்ணூட்டங்களும் சேர்கின்றன.

இந்த 12 அளவீடுகளும் ஒரே கட்டத்தில் வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே சோதனை மதிப்பு, அலகு, மதிப்பீடு, இயல்பான அளவு ஆகியவை இருக்கும். ஆனால் ஆலோசனை அதே வரியில் இருப்பதில்லை. கந்தகத்துக்கும் நுண்ணூட்டங்களுக்கும் உரிய ஆலோசனை தனிக் கட்டத்தில் இருக்கும். தொழு உரம், உயிர் உரம், சுண்ணாம்பு அல்லது ஜிப்சம் பற்றிய பொது ஆலோசனை மற்றொரு கட்டத்தில் இருக்கும். தழை, மணி, சாம்பல் ஆகிய மூன்று சத்துகளுக்கான உர அளவு பயிர் வாரியாக வேறொரு கட்டத்தில் தரப்பட்டிருக்கும்.

எனவே அட்டவணையாக்குவது என்பது படத்தை அப்படியே நகலெடுக்கும் வேலை மட்டும் அன்று. சிதறிக் கிடக்கும் ஆலோசனைகளை உரிய சத்தின் எதிரே கொண்டுவந்து சேர்க்கும் வேலையும் அதில் அடங்கும். தவறுகள் பெரும்பாலும் இந்தச் சேர்க்கையில்தான் நேர்கின்றன.

படம் எடுக்கும்போதே பாதி வேலை

அட்டையைச் சமமான தரையில் வைத்து, பகல் வெளிச்சத்தில், கைப்பேசியை நேர் மேலே பிடித்துப் படம் எடுக்க வேண்டும். பக்கவாட்டில் சாய்த்து எடுத்தால் இடப்பக்கத்தில் உள்ள சத்தின் பெயரும் வலப்பக்கத்தில் உள்ள எண்ணும் ஒரே கோட்டில் இருப்பதாகத் தோன்றாது. கண் ஒரு வரி மேலேயோ கீழேயோ தாவிவிடும். பிளாஸ்டிக் உறையிட்ட அட்டையாக இருந்தால் கைப்பேசியின் மின்னொளி எதிரொளித்து ஒரு பகுதியை வெண்மையாக்கிவிடும். ஆகவே மின்னொளியை அணைத்துவிடுவது நல்லது.

முழு அட்டைக்கு ஒரு படமும், எண்கள் உள்ள கட்டத்துக்கு நெருக்கமாக மற்றொரு படமும் தேவை. நெருக்கப் படம் மட்டும் இருந்தால் அது எந்த மாதிரியின் அறிக்கை என்பதே தெரியாமல் போகும். முழுப் படம் மட்டும் இருந்தால் தசமப் புள்ளிகள் தெரியாமல் போகும். செய்திச் செயலிகளில் படமாக அனுப்பினால் அதன் அளவு சுருக்கப்பட்டு எழுத்துகள் மங்கும். அதையே கோப்பாக இணைத்து அனுப்பினால் தெளிவு குறையாது.

அட்டையின் தலைப்பகுதியில் விவசாயியின் பெயர், முகவரி, ஆதார் எண், கைப்பேசி எண் ஆகியவற்றுக்கும் இடம் உண்டு. வெளியாருக்கு அனுப்பும்போது ஆதார் எண்ணையும் கைப்பேசி எண்ணையும் ஒரு தாளால் மறைத்துவிட வேண்டும். அட்டை எண், மாதிரி எண், மாதிரி எடுத்த தேதி, புல எண், பாசன நிலமா மானாவாரியா என்ற விவரம் ஆகியவற்றை மறைக்கக் கூடாது. அட்டவணையின் தலைப்பில் எழுத வேண்டியவை அவையே.

ஓர் எடுத்துக்காட்டு

விளக்கத்துக்காக ஓர் அட்டையை எடுத்துக்கொள்வோம். வட இந்தியச் சமவெளியில் கோதுமை பயிரிடும் பாசன நிலம் ஒன்றின் அறிக்கை இவ்வாறு இருப்பதாகக் கருதலாம். படத்திலிருந்து எழுதிய அட்டவணை வருமாறு:

| சத்து / தன்மை | அளந்த மதிப்பு | மதிப்பீடு | அச்சிடப்பட்ட ஆலோசனை |
|---|---|---|---|
| கார அமில நிலை | 8.1 | காரத்தன்மை | ஜிப்சம்: தேவையில்லை |
| மின்கடத்தும் திறன் | 0.42 டெசிசீமன்ஸ்/மீட்டர் | இயல்பு | அச்சில் இல்லை |
| அங்ககக் கரிமம் | 0.38 சதவீதம் | குறைவு | தொழு உரம் ஹெக்டேருக்கு 5 டன் |
| தழைச்சத்து | 213 கிலோ/ஹெக்டேர் | குறைவு | பயிர்ப் பரிந்துரையில் காண்க |
| மணிச்சத்து | 18 கிலோ/ஹெக்டேர் | நடுத்தரம் | பயிர்ப் பரிந்துரையில் காண்க |
| சாம்பல்சத்து | 296 கிலோ/ஹெக்டேர் | அதிகம் | பயிர்ப் பரிந்துரையில் காண்க |
| கந்தகம் | 14 பி.பி.எம். | போதுமானது | அச்சில் இல்லை |
| துத்தநாகம் | 0.48 பி.பி.எம். | பற்றாக்குறை | ஜிங்க் சல்பேட் ஹெக்டேருக்கு 25 கிலோ |
| போரான் | 0.8 பி.பி.எம். | போதுமானது | அச்சில் இல்லை |
| இரும்பு | 5.8 பி.பி.எம். | போதுமானது | அச்சில் இல்லை |
| மாங்கனீசு | 3.6 பி.பி.எம். | போதுமானது | அச்சில் இல்லை |
| தாமிரம் | 0.9 பி.பி.எம். | போதுமானது | அச்சில் இல்லை |

இந்த அட்டவணையில் 'அச்சில் இல்லை' என்ற சொற்கள் பல இடங்களில் வருகின்றன. அட்டையில் இல்லாத ஆலோசனையை எழுதுபவர் தமது அறிவைக் கொண்டு நிரப்பக் கூடாது என்பதற்காகவே அவ்வாறு குறிக்கப்பட்டுள்ளது. அந்த இடத்தை வெறுமையாக விட்டாலும் குழப்பம் நேரும். படத்தில் தெரியவில்லையா, அட்டையிலேயே இல்லையா என்பது பின்னர் பார்ப்பவருக்குப் புரியாது. எனவே அட்டையில் இல்லாததற்கு 'அச்சில் இல்லை' என்றும், படத்தில் தெளிவில்லாததற்கு 'படத்தில் தெரியவில்லை' என்றும் தனித்தனியே எழுத வேண்டும்.

கலங்கிய எண்ணை உறுதிசெய்வது

மேற்கண்ட அட்டையின் படத்தில் துத்தநாகத்தின் மதிப்பு சற்றுக் கலங்கியிருப்பதாகக் கொள்வோம். அது 0.48-ஆ, 0.68-ஆ என்று தெரியவில்லை. 4-உம் 6-உம் மங்கிய படத்தில் ஒன்றுபோலவே தோன்றக்கூடியவை. ஆனால் இந்த ஓர் இலக்கத்தில்தான் முடிவே அடங்கியிருக்கிறது. அட்டையில் துத்தநாகத்துக்கு அச்சிடப்படும் இயல்பான அளவு 0.6 பி.பி.எம்.முக்கு மேல் என்பதாகும். 0.48 என்றால் பற்றாக்குறை, 0.68 என்றால் போதுமானது.

இங்கேதான் மூன்றாவது பத்தி உதவுகிறது. அதே வரியில் மதிப்பீடு 'பற்றாக்குறை' என்று தெளிவாக இருந்தால், எண் 0.68 ஆக இருக்க இயலாது. இயல்பான அளவு அதே வரியிலேயே அச்சிடப்பட்டிருப்பதால், இந்தச் சரிபார்ப்புக்கு வேறு நூல் எதையும் புரட்ட வேண்டியதில்லை.

தசமப் புள்ளி முற்றிலும் மறைந்து '048' என்று தெரிந்தாலும் இதே முறை போதும். 48 பி.பி.எம். துத்தநாகம் என்பது 0.6 என்ற எல்லையைப் போல 80 மடங்கு. அத்தகைய எண்ணுக்கு எதிரே 'பற்றாக்குறை' என்று வராது. எல்லையை ஒட்டிய எண்களில் மதிப்பீட்டைப் பார்க்காமல் எழுதுவதே ஆபத்து. தாமிரம் 0.9 என்பதை 0.8 என்று தவறாக எழுதினால் பாதிப்பில்லை. அதன் எல்லை 0.2 மட்டுமே. அதுபோன்ற ஓர் இலக்கப் பிழை துத்தநாகத்தில் நேர்ந்தால் ஓர் உரமே தேவைப்பட்டியலில் சேரலாம் அல்லது விடுபடலாம்.

மதிப்பீடும் சேர்ந்து கலங்கியிருந்தால் ஊகிக்கக் கூடாது. 'படத்தில் தெரியவில்லை' என்று எழுதிவிட்டு அந்தக் கட்டத்தின் நெருக்கப் படத்தை மீண்டும் கேட்டுப் பெற வேண்டும்.

வரி தாவியிருக்கிறதா என்பதையும் இவ்வாறே கண்டறியலாம். எழுதியவர் ஒரு வரி தவறியிருந்தால் சாம்பல்சத்தின் 296 மணிச்சத்தின் எதிரே வந்துவிடும். மணிச்சத்தின் இயல்பான அளவு ஹெக்டேருக்கு 10 முதல் 25 கிலோ. 296 என்ற எண்ணுக்கு எதிரே 'நடுத்தரம்' என்று இருப்பதைக் கண்டவுடனே தவறு தெரிந்துவிடும். ஆனால் மின்கடத்தும் திறன் 0.42, அங்ககக் கரிமம் 0.38 என அடுத்தடுத்த வரிகளில் ஒத்த தோற்றமுள்ள எண்கள் வரும்போது தவறு அவ்வளவு எளிதில் தெரியாது. அந்த இரண்டையும் அலகைப் பார்த்துப் பிரித்தறிய வேண்டும். எழுதி முடித்தபின் 12 வரிகள் உள்ளனவா என எண்ணிப் பார்ப்பதும் அவசியம்.

எண்ணும் மதிப்பீடும் முரண்பட்டால்

சில வேளைகளில் எண்ணும் மதிப்பீடும் தெளிவாகவே தெரியும். ஆயினும் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாது. தழைச்சத்து 470 என்று அச்சாகி, எதிரே 'அதிகம்' என்று இருப்பதாகக் கொள்வோம். தேசிய அட்டையில் தழைச்சத்தின் இயல்பான அளவு 280 முதல் 560 கிலோ வரை. அதன்படி 470 என்பது நடுத்தரமே.

இதைப் பிழை என்று உடனே திருத்திவிடக் கூடாது. மாநிலங்களும் வேளாண் பல்கலைக்கழகங்களும் தங்கள் மண்ணுக்கும் பயிருக்கும் ஏற்பத் தனி எல்லைகளைப் பின்பற்றுவது உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வரையறைப்படி தழைச்சத்து 280 முதல் 450 கிலோ வரை நடுத்தரம். 450-க்கு மேல் அதிகம். அந்த வரையறையில் 470 என்பது 'அதிகம்' என்ற மதிப்பீட்டையே பெறும். ஒரே எண்ணுக்கு இரு அறிக்கைகளில் இரு மதிப்பீடுகள் வந்தாலும் இரண்டும் தத்தம் அளவில் சரியாக இருக்கலாம்.

ஆகவே இணையத்தில் கிடைத்த ஏதோ ஒரு பட்டியலைக் கொண்டு மதிப்பீட்டுப் பத்தியை நிரப்பக் கூடாது. அறிக்கையில் அச்சிடப்பட்ட மதிப்பீட்டையே எழுத வேண்டும். அறிக்கையிலேயே அச்சிடப்பட்டுள்ள இயல்பான அளவோடும் அது பொருந்தவில்லை என்றால், இரண்டையும் உள்ளபடியே எழுதி, முரண்பாட்டைக் குறிப்பிட்டு, மாதிரி எண்ணைச் சொல்லி ஆய்வகத்திடம் விளக்கம் கேட்க வேண்டும். ஆய்வகத்தில் எண்ணைப் பதிவுசெய்யும்போது நேர்ந்த பிழையாகவும் அது இருக்கலாம்.

பெயரும் அலகும் மாறினால் பொருளும் மாறும்

அரசு அட்டை அல்லாத பிற ஆய்வக அறிக்கைகளைப் படிக்கும்போது கூடுதல் கவனம் தேவை. மணிச்சத்தைச் சில அறிக்கைகள் P என்றும், சில P₂O₅ என்றும் குறிப்பிடுகின்றன. முதலாவது பாஸ்பரஸ் தனிமத்தின் அளவு. இரண்டாவது அதன் ஆக்சைடு வடிவத்தின் அளவு. 1 கிலோ P என்பது 2.29 கிலோ P₂O₅-க்குச் சமம்.

ஓர் அறிக்கையில் P₂O₅ ஹெக்டேருக்கு 40 கிலோ என்று இருப்பதாகக் கொள்வோம். அட்டவணையில் வெறுமனே 'மணிச்சத்து 40' என்று எழுதினால், 10 முதல் 25 என்ற எல்லையோடு ஒப்பிடுபவர் அதை அதிகம் என்று கருதி உரத்தைக் குறைத்துவிடுவார். உண்மையில் 40-ஐ 2.29-ஆல் வகுத்தால் சுமார் 17.5 கிலோதான் வரும். அது நடுத்தர நிலை. சாம்பல்சத்திலும் K, K₂O என இதே வேறுபாடு உண்டு. அங்கே வகுக்க வேண்டிய எண் 1.2 ஆகும்.

அலகிலும் இதே சிக்கல் நேரும். சில ஆய்வகங்கள் மணிச்சத்தைப் பி.பி.எம். அலகில் தருகின்றன. மேல்மண் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 1 பி.பி.எம். என்பது ஹெக்டேருக்கு ஏறத்தாழ 2.24 கிலோ எனக் கணக்கிடுவது வழக்கம். எனவே 9 பி.பி.எம். மணிச்சத்து என்பது சுமார் 20 கிலோ. அலகைக் கவனியாமல் 9 கிலோ என்று படித்தால் நடுத்தரமான மண் 'குறைவு' என்ற பட்டியலில் சேர்ந்துவிடும். இதனால்தான் அளந்த மதிப்பு என்ற பத்தியில் எண்ணோடு அலகையும், அறிக்கையில் உள்ள குறியீட்டையும் சேர்த்தே எழுத வேண்டும். மாற்றுக் கணக்கு தேவைப்பட்டால் அதைத் தனியாகச் செய்ய வேண்டும்; மூல எண்ணை அழித்துவிட்டு அந்த இடத்தில் எழுதக் கூடாது.

இரண்டு உரச் சேர்க்கைகள்: ஒன்றை மட்டுமே தேர்வுசெய்ய வேண்டும்

ஆலோசனைப் பகுதியில் மிகுந்த செலவை ஏற்படுத்தக்கூடிய தவறு பயிர்ப் பரிந்துரைக் கட்டத்தில் நேர்கிறது. அங்கே ஒவ்வொரு பயிருக்கும் எதிரே 'உரச் சேர்க்கை 1', 'உரச் சேர்க்கை 2' என இரண்டு பத்திகள் இருக்கும். இவை ஒன்றுக்கொன்று மாற்றானவை. ஒன்று அடியுரம், மற்றொன்று மேலுரம் என்று பொருள் கொள்ளக் கூடாது.

நமது எடுத்துக்காட்டு நிலத்தில் கோதுமைக்கு ஹெக்டேருக்குத் தழைச்சத்து 150 கிலோ, மணிச்சத்து P₂O₅ வடிவில் 60 கிலோ, சாம்பல்சத்து K₂O வடிவில் 30 கிலோ தேவை என்று கொள்வோம். முதல் சேர்க்கை யூரியா 275 கிலோ, டி.ஏ.பி. 130 கிலோ, பொட்டாஷ் 50 கிலோ என்று அமையலாம். டி.ஏ.பி.யில் மணிச்சத்தோடு 18 சதவீதத் தழைச்சத்தும் இருப்பதால் யூரியா அந்த அளவுக்குக் குறைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது சேர்க்கை யூரியா 326 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 375 கிலோ, பொட்டாஷ் 50 கிலோ என்று அமையும். சூப்பர் பாஸ்பேட்டில் தழைச்சத்து இல்லாததால் யூரியா கூடுகிறது. இரண்டு வழிகளிலும் நிலத்துக்குச் சேரும் தழை, மணி, சாம்பல் சத்துகளின் அளவு ஒன்றே.

இந்த இரண்டையும் கூட்டி எழுதினால் யூரியா 601 கிலோவாகும். மூன்று சத்துகளும் இருமடங்காகும். பணம் வீணாவது ஒருபுறம் இருக்க, தழைச்சத்து மிகுந்த கோதுமைப் பயிர் உயரமாக வளர்ந்து சாயும். ஆகவே அட்டவணையில் இந்த இரண்டையும் தனித்தனி வரிகளில் எழுதி, இடையில் 'அல்லது' என்ற சொல்லைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

அந்தக் கட்டத்தின் தலைப்பையும் விடாமல் எழுத வேண்டும். குறிப்பிட்ட விளைச்சலை அடைவதற்கு, இயற்கை எரு இடுவதோடு சேர்த்து, இந்த உர அளவு பரிந்துரைக்கப்படுவதாக அந்தத் தலைப்பு கூறுகிறது. எரு இடாமல் இரசாயன உர அளவை மட்டும் எடுத்துக்கொள்வது பரிந்துரையின் பாதியைக் கைவிடுவதாகும்.

சாம்பல்சத்து 'அதிகம்' என்று மதிப்பிடப்பட்டும் 50 கிலோ பொட்டாஷ் எதற்கு என்ற ஐயம் எழலாம். மண்ணில் சத்து மிகுந்திருக்கும்போது உரத்தின் அளவைக் குறைப்பதே வழக்கம். முற்றிலும் நீக்கிவிடுவது எப்போதும் நடைமுறையன்று. எனவே மதிப்பீட்டுப் பத்தியைப் பார்த்துவிட்டு ஆலோசனைப் பத்தியில் தாமாகவே 'தேவையில்லை' என்று எழுதக் கூடாது.

ஹெக்டேரிலிருந்து ஏக்கருக்கு

அட்டை ஹெக்டேர் கணக்கில் பேசுகிறது. விவசாயி ஏக்கர் கணக்கில் நினைக்கிறார்; கடையில் மூட்டைக் கணக்கில் வாங்குகிறார். 1 ஹெக்டேர் என்பது 2.47 ஏக்கர். ஆகவே அட்டையில் உள்ள அளவை 2.47-ஆல் வகுத்தால் ஏக்கருக்கான அளவு கிடைக்கும்.

முதல் சேர்க்கையின்படி ஏக்கருக்கு யூரியா சுமார் 111 கிலோ தேவை. 45 கிலோ மூட்டையில் இது ஏறத்தாழ இரண்டரை மூட்டை. டி.ஏ.பி. சுமார் 53 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை ஒன்றும் அதற்கு மேல் சிறிதும். பொட்டாஷ் சுமார் 20 கிலோ. துத்தநாகக் குறைக்கு ஹெக்டேருக்கு 25 கிலோ என்று அச்சிடப்பட்ட ஜிங்க் சல்பேட், ஏக்கருக்கு 10 கிலோவாகும். 25 கிலோவை ஏக்கருக்கு உரியது என்று படித்துவிட்டால் ஏறத்தாழ இரண்டரை மடங்கு உரம் வாங்க நேரிடும்.

ஜிங்க் சல்பேட் இரு வடிவங்களில் விற்கப்படுகிறது. ஒன்றில் 21 சதவீதத் துத்தநாகமும் மற்றொன்றில் 33 சதவீதத் துத்தநாகமும் உள்ளன. 25 கிலோவில் முதலாவது 5 கிலோவுக்குச் சற்று அதிகமான துத்தநாகத்தையும், இரண்டாவது 8 கிலோவுக்கு மேற்பட்ட துத்தநாகத்தையும் தரும். அட்டையில் எந்த வடிவம் குறிப்பிடப்பட்டுள்ளதோ அதையும் ஆலோசனைப் பத்தியில் எழுத வேண்டும். குறிப்பிடப்படவில்லை என்றால் 'வடிவம் அச்சில் இல்லை' என்று எழுதி, வாங்குவதற்கு முன் வேளாண் அலுவலரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இந்த எண்கள் யாருடைய வயலுக்கு உரியவை?

அட்டவணை பிழையின்றி அமைந்தாலும் அது சொல்லக்கூடியதற்கு ஒரு வரம்பு உண்டு. மண்வள அட்டைத் திட்டத்தின் தொடக்கச் சுற்றுகளில் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரியும், மானாவாரி நிலத்தில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரியும் எடுக்கும் முறை பின்பற்றப்பட்டது. சிறு விவசாயிகள் மிகுந்த பகுதியில் 2.5 ஹெக்டேர் என்பது பலருடைய வயல்களை உள்ளடக்கியதாக இருக்கும். அதில் ஒருவருடைய வயலிலிருந்து எடுத்த மண்ணின் முடிவே அந்தக் கட்டத்தில் உள்ள மற்றவர்களின் அட்டையிலும் இடம்பெறும்.

பல ஆண்டுகளாகத் தொழு உரம் இட்ட வயலும், யூரியா மட்டுமே கண்ட வயலும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கக்கூடும். எனவே அட்டவணையின் தலைப்பில் மாதிரி எண்ணையும் புல எண்ணையும் எழுதுவதோடு, அந்தப் புல எண் தமது நிலத்தினுடையதுதானா என்பதையும் விவசாயி சரிபார்க்க வேண்டும். மாதிரி எடுத்த தேதியும் இதே காரணத்தால் முக்கியம். இடைப்பட்ட காலத்தில் பல போகங்கள் விளைந்திருந்தால் தழைச்சத்து போன்ற விரைவில் மாறும் அளவுகள் இன்றைய நிலையைக் காட்டமாட்டா.

படம் எவ்வளவு முயன்றும் தெளிவாகக் கிடைக்கவில்லை என்றால், அரசின் மண்வள இணையதளமான soilhealth.dac.gov.in வழியாக அட்டையின் அச்சுப் பிரதியைத் தேடிப் பெறலாம். அதற்கு அட்டை விவரங்கள் தேவைப்படும். கலங்கிய படத்திலும் அட்டை எண்ணும் மாதிரி எண்ணும் படிக்கும்படி இருக்க வேண்டும் என்று மேலே சொன்னது இதற்காகவும்தான்.

உரக்கடைக்குப் புறப்படும் முன் செய்ய வேண்டிய கடைசி வேலை ஒன்று உண்டு. அட்டவணையை எழுதியவர் அதை வரி வரியாக உரக்கப் படிக்க, அட்டையைக் கையில் வைத்திருப்பவர் ஒவ்வோர் எண்ணையும், அலகையும், மதிப்பீட்டையும் விரல் வைத்து ஒப்பிட வேண்டும். 12 வரிகளுக்கு ஐந்து நிமிடம் போதும். துத்தநாகத்தின் வரியில் '0.48, பற்றாக்குறை, ஹெக்டேருக்கு 25 கிலோ' என்ற மூன்றும் இருபுறமும் ஒன்றாக ஒலித்தால், ஏக்கருக்கு 10 கிலோ என்ற கணக்கை நம்பி வாங்கலாம்.